‘வணக்கம்’ அடித்துப் பார்த்தால் போதாது: தமிழ் கீபோர்டைச் சோதிக்கையில் நடக்கும் தவறுகள்

புது கீபோர்டைப் போட்டதும் பலரும் முதலில் அடிப்பது ‘வணக்கம்’, இல்லையென்றால் ‘அம்மா’. கம்ப்யூட்டர் பழகியவர்கள் இந்த நரி வாக்கியத்தை அடிப்பார்கள்:

```
The quick brown fox jumps over the lazy dog
```

ஆங்கிலத்துக்கு இந்த நரி போதும். 35 எழுத்துகளுக்குள் 26 எழுத்தும் வந்துவிடும். அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு விசை என்பதால், எந்த விசை வேலை செய்யவில்லை என்று அப்போதே தெரியும். தமிழில் இந்தக் கணக்கு எடுபடாது. 247 எழுத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைக்க முடியாது. அடைத்தாலும் ‘ஙௌ’ போன்றவற்றை நாம் எங்கே எழுதப் போகிறோம்? எல்லா எழுத்தும் வரவேண்டும் என்பதுதான் ஆசை என்றால் ஆத்திசூடியை அடியுங்கள். ‘அறம் செய விரும்பு’ முதல் ‘அஃகஞ் சுருக்கேல்’ வரை உயிரும் ஆய்தமும் வரிசையாக வரும், ‘கடிவது மற’ முதல் ‘கௌவை அகற்று’ வரை உயிர்மெய்க் குறிகள் வரும். ஆனால் அதில் ஸ்ரீ, க்ஷ போன்ற கிரந்த எழுத்து எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், தமிழ்த் தட்டச்சில் தகராறு பெரும்பாலும் எழுத்து வராமல் போவதில் இல்லை. சரியாக வந்ததுபோலவே தெரியும், உள்ளே வேறு ஒன்று இருக்கும்.

என் சோதனை வரி இது. எல்லா எழுத்தும் இதில் இல்லை, தமிழ் மெய்களில் ஞ, ற இரண்டையும் காணோம். அவை வந்தால் வரும், வராவிட்டால் உடனே தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

```
ஒருநாள் ஸ்ரீரங்கத்துக்கு ஔவை பக்ஷணம் கொண்டுபோன விதத்தில் கௌரிக்கு ஏனோ சிரிப்பு; அஃது பழைய கதை.
```

இதைக் கையால் அடிக்க வேண்டும். எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டுவதுதான் முதல் தவறு. ஒட்டினால் எழுத்துரு சரியாகக் காட்டுகிறதா என்பது மட்டுமே தெரியும், கீபோர்டு சோதனையில் சேரவே இல்லை.

அடித்தபின் கண்ணால் பார்த்து ‘சரி’ என்று முடித்துவிடுவது அடுத்த தவறு. ‘ஔவை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ‘ஔ’வுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்தாலும் ‘ஒளவை’ என்று ஏறக்குறைய அதே உருவம் வந்துவிடும். கௌரியின் ‘கௌ’வும் அப்படித்தான்: கொம்பும் ளகரமும் தனித்தனியாகச் சேர்ந்தால் ‘கெளரி’. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எங்கள் அலுவலகப் பட்டியலில் கௌசல்யா என்ற பெயரில் ஒருவர்தான் இருந்தார், ஆனால் தேடினால் அவர் கிடைக்க மாட்டார். பெயரைப் பதிவு செய்தவர் ‘கெள’ என்று அடித்திருந்தார், தேடியவர் ‘கௌ’ என்று அடித்தார். அரை நாள் அதிலேயே போனது.

கண் ஏமாந்தாலும் உள்ளே இருக்கும் குறியெண் ஏமாறாது. பிரவுசரில் F12 அழுத்தி, கன்சோல் பகுதியில் மேற்கோளுக்குள் அந்தச் சொல்லை உங்கள் கீபோர்டாலேயே அடித்துப் பாருங்கள்:

```
[..."ஔவை"].map(c => c.codePointAt(0).toString(16))
```

`b94, bb5, bc8` என்று மூன்று வந்தால் சரியான ஔ. `b92, bb3, bb5, bc8` என்று நான்கு வந்தால் ஒகரமும் ளகரமும் கைகோத்து நிற்கின்றன. இதை மென்பொருள்கள் பொதுவாகத் தானாகச் சேர்த்துத் தருவதில்லை, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அவை வேறு வேறு எழுத்துகள்.

‘கொண்டு’வில் உள்ள ‘கொ’வும் இரண்டு விதமாக அமையலாம்: க-வுடன் ஒரே குறியாக ‘ொ’, அல்லது ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகள். இது அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடே சொல்லியிருக்கிறது, ஒழுங்குபடுத்தும் வசதியுள்ள நிரல்கள் ஒன்றாக்கிவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில்தான் தேடல் சறுக்கும். `"கொ".length` என்று அடித்து 2 வந்தால் ஒரே குறி, 3 வந்தால் பிரிந்த குறி.

ஸ்ரீ இன்னும் வம்பு. ‘ஸ’ வைத்து எழுதுவது பழைய முறை. 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதை வைத்து எழுதும் முறையும் வந்தது. திரையில் பெரும்பாலும் ஒரே ஸ்ரீதான், ஆனால் தேடலுக்கு இரண்டும் வேறு. உங்கள் கீபோர்டு எதைத் தருகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுகிறவர்களுக்காகவே ‘விதத்தில்’ என்ற சொல்லை வரியில் நுழைத்தேன். அந்த முறையில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். க க என்று தட்டினால் ‘க்க’ கிடைப்பது சுகம்தான். ஆனால் ‘விதத்தில்’ என்பதற்கு த மூன்று முறை வேண்டும். தொடர்ந்து மூன்றையும் தட்டினால் புள்ளி முதல் தகரத்தில் விழுந்து ‘வித்ததில்’ போல ஏதோ ஒன்று வந்து நிற்கும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று இங்கேதான் பலர் முடிவுகட்டுகிறார்கள். கெடவில்லை. முதல் த-வுக்குப் பின் ‘அ’ விசையைத் தட்டிவிட்டு மற்ற இரண்டையும் தட்டினால் சரியாக வரும். ‘வணக்கம்’ அடித்துச் சோதித்தவருக்கு இது கடைசிவரை தெரியவராது.

அரட்டைப் பெட்டியைச் சோதிக்கும்போது, அடித்த இடத்திலேயே பார்த்துத் திருப்தி அடைவது பெரிய தவறு. அனுப்பி, வேறொரு போனில் திறந்து படிக்க வேண்டும். அனுப்பியபின் எல்லாம் ??? என்று வந்தால் கீபோர்டைத் திட்டாதீர்கள். சேமிக்கும் இடம் தமிழ் தெரியாத பழைய குறியீட்டு முறையில் இருக்கிறது. கட்டம் கட்டமாக வந்தால் அந்தப் போனில் எழுத்துரு இல்லை.

அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்திச் சோதிப்பதும் போதாது, என்டர் விசையையும் தட்டிப் பாருங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கும்போது பரிந்துரைச் சொல்லைத் தேர்ந்தெடுக்க என்டர் தட்டுவோம். சில பெட்டிகள் அதையே ‘அனுப்பு’ என்று எடுத்துக்கொண்டு பாதிச் சொல்லை எதிராளிக்குத் தள்ளிவிடும். சொல் இன்னும் முடியவில்லை என்று பிரவுசர் சொல்லும் `event.isComposing` என்பதைப் பெட்டியை உருவாக்குபவர் பார்க்காமல் விட்டதன் விளைவு அது.

பெட்டிக்கு எழுத்து வரம்பு இருந்தால் அந்த வரம்பு வரை அடித்துப் பாருங்கள். நம் கணக்கில் ‘வணக்கம்’ ஐந்து எழுத்து. கணினி புள்ளியையும் தனியாக எண்ணி ஏழு என்கிறது. ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால் சேமிப்பில் 21 பைட். ஆறோடு வெட்டும் பெட்டியில் கடைசிப் புள்ளி போய் ‘வணக்கம’ என்று மொட்டையாக நிற்கும். 20 பைட்டில் வெட்டினால் கடைசியில் � என்ற கேள்விக்குறி வைரம் முளைக்கும். எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழ் கலந்தால் 70, அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். என் சோதனை வரியைச் சுருக்காமல் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் அதுவே இரண்டு செய்தியாகப் போகும்.