நிலத்தில் இருக்க முடியாதவர்களுக்கும் இடம்: வீட்டுத்திட்டத்தில் காலை யோகா வகுப்பை ஒழுங்குசெய்வது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் இருக்கும் வீட்டுத்திட்டத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபம் இருக்கிறது. கூட்டம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கும். அங்கே காலை யோகா தொடங்கிய முதல் கிழமையில், பாயில் இருந்தவர்களைவிட வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வயதானவர்கள்தான் அதிகம். ஓர் ஆச்சி நேரடியாகவே கேட்டார்: "நிலத்தில இருந்தா என்னை ஆர் தம்பி தூக்கிவிடுறது?" அவர் கேட்டது சரிதான். அன்றிலிருந்து வகுப்பைக் கதிரை வரிசையில் இருந்துதான் திட்டமிடுகிறோம். உங்கள் இடத்திலும் அப்படித் தொடங்குங்கள்.

முதலில் நேரம்

நாங்கள் முதலில் 5.15 மணிக்கு வைத்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அது வசதி. ஆனால் வயதானவர்களுக்கு அது நல்ல இருட்டு. ஒழுங்கையில் பாம்பு கிடந்தாலும் தெரியாது, நாயும் துரத்தும். இங்கே மே, யூன் மாதங்களில் 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் உதித்துவிடும். தை, மாசியில் 6.25 ஆகிவிடும். அதனால் கிழமைக்கு மூன்று நாள், 6 மணிக்குத் தொடங்கி 6.45க்கு முடிப்பது என்று மாற்றினோம். தை, மாசியில் மட்டும் அரை மணி நேரம் தள்ளி வைப்போம். பிள்ளைகளை அனுப்ப வேண்டிய தாய்மார் சனி, ஞாயிறில் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நேரம் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்வது நல்லது.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியது

அருகிலுள்ள சித்த வைத்தியசாலையில் விசாரித்தால் யோகா பழக்குபவரைத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. வருபவர் எவ்வளவு வளைகிறார் என்று பார்க்க வேண்டாம். "முழங்கால் மடங்காத ஒருவருக்கு இதை எப்படிச் சொல்லித் தருவீர்கள்?" என்று ஒரு ஆசனத்தைக் காட்டிக் கேளுங்கள். உடனே கதிரையை இழுத்துச் செய்து காட்டுபவர் நல்லவர். "பழகப் பழகச் சரியாகும்" என்பவர் இந்த வகுப்புக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். வன்னியில் போரில் பட்ட செல் துண்டு இன்னும் உடம்பில் இருப்பவர்கள் உண்டு, செயற்கைக் கால் போட்டவர்கள் உண்டு. ஒருவருடைய தோள் பாதிக்கு மேல் உயராவிட்டால் அதற்குக் காரணம் இருக்கும். கையால் அழுத்தித் திருத்தக் கூடாது, வாயால் சொன்னால் போதும். கண்ணை மூடச் சொல்லும்போது "விரும்பினால்" என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகக் கிடப்பது சிலருக்குப் பழைய நினைவுகளைக் கிளறிவிடும்.

பாயும் இடமும்

றப்பர் யோகா பாய் ஏறத்தாழ 6 அடி நீளம், 2 அடி அகலம். கை விரிக்கவும் நடந்து போகவும் ஒருவருக்கு 8 அடிக்கு 4 அடி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மண்டபம் 30 அடிக்கு 20 அடி. முன்னால் 6 அடி ஆசிரியருக்கு, ஒரு பக்கச் சுவரோரம் 4 அடி கதிரைகளுக்கு. மிச்சத்தில் நான்கு நான்காக மூன்று வரிசை, 12 பாய். சுவரோரம் ஆறு கதிரை. அதற்கு மேல் ஆட்கள் வந்தால் இடித்துக்கொள்வார்கள்.

எல்லோரும் றப்பர் பாய் வாங்க வேண்டியதில்லை. வீட்டுப் பன்பாயே படுக்கப் போதும். ஆனால் மினுக்கிய சீமெந்துத் தரையில் பன்பாய் வழுக்கும். காலை அகட்டி நின்ற ஒருவருக்குப் பாய் அப்படியே பின்னால் நழுவியதைப் பார்த்தபின், நின்று செய்பவை எல்லாம் வெறுங்காலோடு வெறுந்தரையில், பாய் படுப்பதற்கு மட்டும் என்று வைத்தோம்.

கதிரை வரிசை

பிளாஸ்ரிக் கதிரைதான் கிடைக்கும். கைப்பிடி உள்ளதை எடுங்கள். கால் உடலோடு சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு போல ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். அது வெடிப்பின் தொடக்கம், அந்தக் கதிரை வேண்டாம். முதுகு சுவரில் முட்டும்படி வைத்தால் பின்னால் வழுக்காது. பாதம் முழுதும் தரையில் படியாவிட்டால் அடியில் ஒரு தடித்த பலகை வைக்கலாம். இந்த வரிசைக்கு எதிரே உதவிக்கு ஒருவர் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியரைப் பார்க்க எல்லோரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த ஆச்சிக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வயது 70க்கு மேல், இரண்டு முழங்காலிலும் நோ, பிரஷருக்குக் குளிசை போடுகிறார். முதல் இரண்டு நிமிடம் சும்மா மூச்சு மட்டும். மூச்சை உள்ளே பிடித்து வைக்கக் கூடாது, வேகமாக உதறி விடும் கபாலபாதியும் அவருக்கு இல்லை. பிறகு கணுக்காலைச் சுற்றுவது, ஒவ்வொரு காலாக நீட்டி மூன்று மூச்சு நிறுத்துவது, கையைத் தொடையில் வைத்து மூச்சு எடுக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி, விடும்போது முதுகை மெல்லக் கூனுவது.

அடுத்ததுதான் முக்கியம்: கதிரையில் இருந்து எழும்புவது. கதிரையின் நுனிக்கு வர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பளவு அகட்டி வைக்க வேண்டும். மூக்கு கால் விரலுக்கு மேலே வரும் அளவு முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழும்ப வேண்டும். ஆச்சி முதலில் நிமிர்ந்தபடியே எழும்பப் பார்த்தார், அதனால்தான் முழங்கால் வலித்தது. மடித்த போர்வை ஒன்றைப் போட்டுக் கதிரையை உயர்த்தினோம். கைப்பிடியை ஊன்றி மூன்று தரம். இரண்டு கிழமையில் போர்வையை எடுத்துவிட்டோம்.

கடைசியாகச் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்துக் குதிக்காலை உயர்த்துவது. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்துக்கு மற்றக் காலைத் தொடைக்கு ஏற்ற வேண்டாம். விரல் நுனி தரையில் இருக்க, குதிக்காலை மற்றக் கணுக்காலில் சாய்த்தால் போதும்.

எங்கே நிறுத்துவது? செய்துகொண்டே ஒரு வசனம் கதைக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. முழங்கால் நோ அடுத்த நாள் காலையும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள் தலையைக் கீழே தொங்கவிடக் கூடாது. நெஞ்சு இறுகினால் அன்று யோகா இல்லை, வைத்தியசாலைதான். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வராமல் இரண்டு பிஸ்கற்றாவது சாப்பிட்டு வரட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே இருத்தி, சீனி போட்ட தேநீர் கொடுங்கள்.

முடிக்கும்போது

சவாசனம் ஐந்து நிமிடம். கதிரையில் இருப்பவர்கள் சாய்ந்தபடியே செய்யலாம். பாயில் படுத்தவர்கள் நேரே எழும்பக் கூடாது. வலப்பக்கம் திரும்பி, கையூன்றி இருந்து, ஐந்து மூச்சு கழித்துத்தான் எழும்ப வேண்டும். பிரஷர்க் குளிசை போடுபவர்களுக்குச் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். எங்கள் வகுப்பில் இளம் ஆட்கள் இருவர் இந்த நேரத்தில் மட்டும் பாயை விட்டு எழும்பி, கதிரை வரிசைப் பக்கம் வந்து நிற்பார்கள். கடைசி ஆள் செருப்பைப் போட்டு வாசற்படி இறங்கும்வரை அவர்கள் பாயைச் சுருட்டுவதில்லை.