வெண்ணெய் கடையும்போது செய்யும் தவறுகள்: எவ்வளவு குளிர்ச்சி, எப்போது நிறுத்துவது

வெண்ணெய் திரளவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். கடையும்போது தயிர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது? அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் குளிர்ச்சியில் இருந்தது? பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும். ஐஸ் போட்டேனே என்பார்கள். தவறு அங்கேதான் இருக்கிறது.

நானும் அப்படித்தான் கெடுத்தேன். ஒரு மே மாதம், மதியம் இரண்டு மணி, சமையலறை மேடையில் காலையிலிருந்து இருந்த தயிரை மிக்சியில் ஊற்றி, கை நிறைய ஐஸ்கட்டி போட்டு ஓட்டினேன். நுரை வந்தது, கொஞ்சம் கெட்டியானது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டினேன். மணி மணியாக ஒன்றும் வரவில்லை. ஜாரின் பக்கங்களில் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு, மோரைக் குடித்தால் நாக்கில் கொழுப்பு படிந்தது. இரண்டு லிட்டர் பாலின் வெண்ணெய் முழுவதும் அந்த மோருக்குள்ளேயே இருந்தது, வெளியேதான் வரவில்லை.

காரணம் இதுதான். பாலில் உள்ள கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய ஒரு தோல். கடைவது என்றால் அந்தத் தோலைக் கிழித்து, உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது. ஒட்ட வேண்டுமானால் உள்ளே இருக்கும் கொழுப்பு பாதி கெட்டியாகவும் பாதி இளக்கமாகவும் இருக்க வேண்டும். முழுக்க உருகியிருந்தால் உருண்டைகள் ஒட்டித் திரளாது, இன்னும் பொடிப் பொடியாகச் சிதறி மோரோடு கலந்துவிடும். முழுக்க இறுகியிருந்தால் மோதி மோதி விலகிப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பதம்தான் வேண்டும். முழுத் தயிரைக் கடைவதற்கு அது 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை. நம் ஊர் வெயிலில் சமையலறையே 33, 34 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் பாலின் கொழுப்பு ஏறக்குறைய எண்ணெய்தான்.

ஐஸ் போட்டால் குளிர்ந்துவிடாதா என்றால், தயிரில் உள்ள தண்ணீர் உடனே குளிரும், உருண்டைக்குள் இருக்கும் கொழுப்பு உடனே கெட்டியாகாது. ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாக இறுக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். நாலைந்து மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், ஒரு ராத்திரி முழுக்க இருந்தால் கவலையே இல்லை. அந்தக் காலத்தில் விடியற்காலையில் கடைந்ததற்குக் காரணமும் இதுதான்: இரவுக் குளிரில் தயிர் தானாகவே பதமாகியிருக்கும்.

இதைக் கேட்டதும் பலர் அடுத்த தவறைச் செய்வார்கள். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்த தயிரை வெளியே எடுத்த கையோடு, 5 டிகிரியிலேயே, கடைய ஆரம்பிப்பார்கள். அப்போது நுரை மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், பாத்திரம் வழியும், அரை மணி நேரமானாலும் திரளாது. நுரை கெட்டியாக, வெள்ளையாக, குவித்தால் குவிந்து நிற்கிறதா? தயிர் தேவைக்கு மேல் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாத்திரத்தின் ஓரமாக அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக் கலந்தால் சரியாகிவிடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், விழுந்த இடத்தில் கொழுப்பு உருகிவிடும். இதற்கு நேர்மாறாக, நுரை தளர்ந்து பளபளவென்று எண்ணெய் மினுக்கத்தோடு இருந்தால் சூடு அதிகம். அப்போது மேற்கொண்டு கடைவது வீண். பாத்திரத்தை அப்படியே மூடி நாலைந்து மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுபடி கடைந்தால் பெரும்பாலும் வந்துவிடும். என்னுடைய அந்த மே மாதத் தயிரையும் இப்படித்தான் ஓரளவு மீட்டேன்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அதில் இவ்வளவு குறைந்த அளவே இருக்காது. சமையலுக்கென்று கம்பி போல ஒன்று விற்கிறார்கள், அது போதும். அதுவும் இல்லையென்றால் விரலை விட்டுப் பாருங்கள்: மண்பானைத் தண்ணீரை விட நன்றாகவே குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் ஃபிரிட்ஜ் தண்ணீர் போல விரல் விறைக்கக் கூடாது.

இப்போது நான் வழக்கமாகச் செய்வதை அளவோடு சொல்கிறேன். இரண்டு லிட்டர் எருமைப் பாலைக் காய்ச்சி, கலக்காமல் ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு ஸ்பூன் தயிர் உறை ஊற்றுகிறேன். ஆடையை எடுப்பதில்லை, கொழுப்பில் நிறைய அங்கேதான் இருக்கிறது. காலையில் தயிர் தோய்ந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலைதான் எடுக்கிறேன். அப்போது 7 டிகிரி காட்டும். அதோடு ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர், அது 30 டிகிரி இருக்கும், ஊற்றிக் கலக்கினால் மொத்தம் 15 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தண்ணீர் ஊற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. தயிர் கெட்டியாகவே இருந்தால் மத்து சுழல்கிற இடம் மட்டும் கடையும், ஓரத்தில் இருப்பது அசையாமல் கிடக்கும். தண்ணீர் சேர்ந்தால்தான் எல்லாம் மத்துக்கு வரும்.

மத்தாக இருந்தால் 15 முதல் 20 நிமிடம். மிக்சி என்றால் ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, ஓடவிட்டுப் போய்விடவும் கூடாது. விட்டு விட்டு, குறைந்த வேகத்தில், சில நொடிகள் மட்டும். பிளேடு சுற்றும் வேகத்திலேயே தயிர் சூடேறும். 15 டிகிரியில் ஆரம்பித்தது இரண்டே நிமிடத்தில் 20-ஐத் தாண்டிவிடலாம்.

அடுத்தது, எப்போது நிறுத்துவது. இதில்தான் கையும் காதும் வேண்டும். முதலில் நுரை வரும், சத்தம் சளக் சளக் என்று இருக்கும். அப்புறம் கெட்டியாகும், மத்து கனக்கும், சத்தம் அமுங்கிவிடும். பலர் இந்த இடத்தில் வெண்ணெய் வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். வரவில்லை, அது கடைந்த ஆடைதான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் திடீரென்று மத்து லேசாகும், நுரை அமுங்கும், சத்தம் திரும்பி வரும், இந்த முறை தண்ணீர் தெறிக்கிற சத்தமாக. மத்தைத் தூக்கிப் பார்த்தால் பூசியிருந்த வெள்ளை வழிந்து இறங்கி, கடுகு கடுகாக மணிகள் மட்டும் ஒட்டியிருக்கும். மோர் நீர்த்து, லேசாக நீலம் பாய்ந்தது போலத் தெரியும்.

கடுகு தெரிந்ததும் ஒரு டம்ளர் நல்ல ஐஸ் தண்ணீரை ஊற்றுங்கள். மணிகள் இறுகும், மோர் இன்னும் நீர்த்து மணிகள் மேலே மிதந்து வரும். அதற்கப்புறம் மெதுவாகப் பத்துப் பதினைந்து சுற்று. மணிகள் மிளகு அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். என் அப்பத்தா சரியாக இந்த இடத்தில் பக்கத்திலிருந்து கத்துவார்: "கையை எடுடி, திரண்டுருச்சு!" எனக்கு அப்போது புரியாது. இன்னும் கடைந்தால் இன்னும் பெரிய உருண்டையாக வருமே என்றுதான் தோன்றும்.

உருண்டை பெரிதாகத்தான் வரும். ஆனால் மணிகள் ஒட்டிப் பெரிய கட்டியாகும்போது நடுவில் இருக்கும் மோரும் சேர்ந்தே உள்ளே அடைபடுகிறது. அந்த மோரை எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் எடுக்க முடியாது. அதுதான் மூன்றாம் நாளே வெண்ணெயைப் புளிக்க வைக்கிறது. உருக்கினால் படபடவென்று தெறிக்கும், நிறைய நுரைக்கும், நெய்க்கு அடியில் கசடு ஏராளமாகத் தங்கும். வெண்ணெய் நிறைய வந்ததே, நெய் ஏன் இவ்வளவு குறைவு என்று குழம்புகிறவர்கள், கட்டியாகும் வரை கடைந்தார்களா என்று யோசித்துப் பார்க்கலாம். எடையில் கணிசமான பங்கு மோராக இருந்திருக்கும்.

சீக்கிரம் நிறுத்திவிட்டோமா என்பதை மோரே சொல்லிவிடும். வெண்ணெய் எடுத்த மோரில் ஒரு டம்ளரை இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே ஆடை போலவோ குறுணை போலவோ மிதந்தால் இன்னும் எடுக்க வேண்டியது இருக்கிறது, மொத்த மோரையும் பதமாக்கி இன்னொரு முறை கடையலாம். மேலே ஒன்றும் மிதக்காமல் அடியில் வெள்ளை தங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் சரியாக நிறுத்தியிருக்கிறீர்கள்.

மணிகளை ஓட்டைக் கரண்டியால் அள்ளி ஐஸ் தண்ணீரில் போட்டு அலசுங்கள். முதல் தண்ணீர் பால் போல வெளுத்து வரும், மூன்றாவது தண்ணீர் அனேகமாகத் தெளிந்துவிடும். உருட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உள்ளங்கைச் சூட்டிலேயே வெண்ணெய் இளகும் என்பதால் கையையும் ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு பிசையுங்கள். தண்ணீர்த் துளி வருவது நிற்கும் வரை அழுத்தினால் போதும்.

அந்த இரண்டு லிட்டர் எருமைப் பாலில் எனக்கு 140 கிராமுக்குக் கொஞ்சம் கூடக் குறைய கிடைக்கிறது. பாலில் உள்ள கொழுப்பு 130 கிராம் அளவில்தான், வெண்ணெயில் தண்ணீரும் சேர்ந்திருக்கும் என்பதால் அது நியாயமான கணக்கு. பசும்பால் என்றால் 90 கிராமுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பாக்கெட் பாலில் ஹோமோஜினைஸ்டு என்று போட்டிருந்தால் அதை வைத்துக்கொண்டு மெனக்கெடாதீர்கள். அதில் கொழுப்பு உருண்டைகளை ஏற்கெனவே இயந்திரத்தில் பொடியாக்கியிருப்பார்கள், ஆடையும் சரியாகக் கட்டாது, வெண்ணெயும் பேருக்குத்தான் வரும்.

மோருக்கு உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் வெண்ணெய் எடுத்த பிறகுதான். உப்பைப் போட்டுவிட்டுக் கடைந்தால் வெண்ணெயிலும் உப்பு ஏறும். மோரில் தண்ணீர் ஏற்கெனவே இருப்பதால் குடிக்கும்போது மேற்கொண்டு ஊற்றாதீர்கள், சுவைத்துப் பார்த்துவிட்டு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். வெண்ணெயை உடனே உருக்கப் போவதில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்படி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். நான் நாலாவது நாளுக்குள் உருக்கிவிடுவேன்.