டீசல் கொப்பியில் திரும்பத் திரும்ப விடும் பிழைகள்

இரண்டு லொறி, ஒரு பட்டா, ஓர் உழவு இயந்திரம் என்று வைத்துத் தொழில் செய்பவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நிறையப் பேர். டீசல் கணக்குக்கு சி.ஆர். கொப்பி போடத் தொடங்கியதும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எல்லாக் கொப்பியிலும் அதே பழைய பிழைகள். கூட்டல் பிழையையும் எழுத மறந்த நாளையும் விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே கண்ணில் படும்.

காசை மட்டும் எழுதுவது

"பத்தாயிரத்துக்கு அடிச்சது" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. டீசல் விலை மாதம் மாறினால் மாறும். லீற்றரை எழுதுங்கள், பில்லை ஒட்டுங்கள்.

பாதித் தாங்கியில் கணக்குப் பார்ப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும் பிழை இதுதான். மீற்றரும் லீற்றரும் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறை அடித்ததையும் அதற்கு முன் ஓடிய தூரத்தோடு வகுத்துவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கன்டர் லொறிக் கொப்பி இப்படி இருந்தது. மீற்றர் 84,210இல் தாங்கி முழுக்க நிரப்பியிருக்கிறது. 84,410இல் 20 லீற்றர், 84,630இல் 30 லீற்றர், 84,890இல் திரும்பத் தாங்கி நிரம்ப 35 லீற்றர். அவர் வரிக்கு வரி வகுத்திருந்தார்: முதல் வரிக்கு லீற்றருக்கு 10 கிலோமீற்றர், இரண்டாவதுக்கு 7.3, மூன்றாவதுக்கு 7.4. முதல் வரியில் ஓடியவர் ஒரு சாரதி, இரண்டாவதில் இன்னொருவர். இரண்டாமவர் டீசல் இறக்கி விற்கிறார் என்று லொறிக்காரர் முடிவெடுத்து, அறுவடை நேரத்திலேயே அவரை நிற்பாட்டிவிட்டார். "அண்ணை, நான் ஓடினதுக்கு அளவா அடிக்கேல்லை, கையில இருந்த காசுக்கு அடிச்சனான்" என்று அந்தப் பெடியன் சொன்னதைக் கேட்கவே இல்லை.

அவன் சொன்னதுதான் சரி. அந்த 30 லீற்றர் முந்தைய 220 கிலோமீற்றரில் எரிந்த அளவு அல்ல, அன்றைக்கு ஊற்றிய அளவு. எரிந்தது எவ்வளவு என்று தாங்கி மறுபடி நிரம்பும்போதுதான் தெரியும். நிரம்பியதிலிருந்து நிரம்பியது வரை ஓடியது 680 கிலோமீற்றர், ஊற்றியது 85 லீற்றர். லீற்றருக்கு 8. அந்த லொறிக்கு அது வழமையான கணக்கு. இடையில் யார் கூட எரித்தார் என்று இந்தக் கொப்பியை வைத்துச் சொல்லவே முடியாது.

சாரதி வாரியாகப் பார்க்க வேண்டுமென்றால், சாவி கை மாறும்போது தாங்கியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வேறு வழி இல்லை. கொப்பியில் "முழு" என்று ஒரு நிரல் போட்டு, நிரம்பிய நாளில் மட்டும் சரி போடுங்கள். இரண்டு சரிக்கு நடுவில் உள்ள லீற்றரையெல்லாம் கூட்டுங்கள். முதல் சரி போட்ட நாளின் லீற்றர் அதில் சேராது, கடைசி நாளினது சேரும்.

நிரப்புவதிலும் ஒரு விஷயம் உண்டு. வண்டி சரிந்து நின்றால் ஒன்றிரண்டு லீற்றர் முன்பின் வரும். 35 லீற்றர் கணக்கில் 2 லீற்றர் பெரிய வித்தியாசம், 85இல் சிறியது. அதனால் முடிந்தவரை ஒரே செட்டில், ஒரே பக்கம் நிறுத்தி, பம்ப் தானாக வெட்டும்போது நிற்பாட்டுங்கள். ஒரு தடவையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் மூன்று நான்கு நிரப்பலைச் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாப் பாதையையும் ஒன்றாகப் போடுவது

ஏ9இல் வெறுமையாக வவுனியா போய் வருவதும், மல்லாவி உள்வீதியில் நெல் மூட்டையோடு வருவதும் ஒன்றல்ல. கிரவல் வீதியில் கியர் குறையும், மில் வாசலில் வரிசையில் நிற்கும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பாதையையும் பாரத்தையும் இரண்டு சொல்லில் எழுதுங்கள். ஒப்பிடுவதென்றால் அதே வண்டி, அதே பாதை, வேறு சாரதி.

உழவு இயந்திரத்துக்குக் கிலோமீற்றர்

வேண்டாம். மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர், அவ்வளவுதான்.

குறைந்தவுடன் களவு என்பது

எட்டு ஓடிய வண்டி ஏழுக்கு வந்தால் எப்படி வந்தது என்று பாருங்கள். வாரக் கணக்கில் மெல்ல இறங்கி, எந்தச் சாரதி ஓடினாலும் அப்படியே இருந்தால் வண்டியில்தான் கோளாறு: ரயர் காற்று, எயார் பில்டர், இறுகிப் பிடிக்கும் பிரேக், இன்ஜெக்டர். இந்த ஒழுங்கிலேயே பார்த்தால் செலவு குறைவு. ஒரே சாரதியின் நாட்களில் மட்டும், அல்லது ஒரே செட்டில் அடித்த நாட்களில் மட்டும் குறைந்தால் அப்புறம் ஆளையோ பம்பையோ விசாரிக்கலாம்.

தாங்கி எத்தனை லீற்றர் கொள்ளும் என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். 100 லீற்றர் தாங்கிக்கு 110 லீற்றருக்குப் பில் வந்தால், மிச்சம் எந்தக் கானுக்குள் போனது என்று அன்றைக்கே கேட்டுவிடலாம்.