வெயிலில் கலையாத மெல்லிய பூச்சு: டின்டெட் மாய்ஸ்சரைசரா, பிபி கிரீமா, ஃபவுண்டேஷனா?

நிறம் குறைவாக இருந்தால் வெயிலுக்கு நல்லது என்று நினைத்துப் பலரும் டின்டெட் மாய்ஸ்சரைசரை வாங்குகிறார்கள். முகம் வறண்டவர்களுக்கு அது சரி. நிறைய வியர்ப்பவர்களுக்கு அதுதான் முதலில் வழியும். அதில் நிறமி கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஈரப்பதம் தரும் கிரீம். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்ததும் அந்த கிரீம் இளகி நகர்ந்துவிடும். பிபி கிரீமில் நிறமி கூடுதல், ஆனால் பல வகைகள் கொழகொழப்பாகவே இருக்கும். நீண்ட நேரம் நிற்கும் ஃபவுண்டேஷனில், காய்ந்ததும் தோலோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலம் உருவாகும். அதனால் எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கு நாங்கள் சொல்வது: ஃபவுண்டேஷன், ஆனால் தேவையான இடத்தில் மட்டும்.

கன்னத்தில் பருத்தழும்பு, மூக்கோரம் சிவப்பு, நெற்றியில் எண்ணெய் என்று இருக்கும் ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம்.

1. முகம் கழுவி, சன்ஸ்கிரீனைத் தனியாகப் பூசுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பிபி கிரீமில் எஸ்பிஎஃப் போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. அந்த எண் கிடைக்க அவ்வளவு கனமாகப் பூச வேண்டும். பிபி கிரீமை யாரும் அப்படிப் பூசுவதில்லை.

2. பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் வழுக்கக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டால்தான் அழிரப்பர் துகள் மாதிரி சுருள் சுருளாக உரிந்து வரும். காத்திருந்தும் உரிந்தால் சன்ஸ்கிரீனும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டு டப்பாவிலும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். ஒன்றில் தண்ணீரே பிரதானமாகவும், மற்றதில் டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன் முன்வரிசையிலும் இருந்தால், ஒரே வகையான இரண்டைச் சேர்த்துப் பாருங்கள்.

3. புறங்கையில் அரைப் பட்டாணி அளவு ஃபவுண்டேஷன் எடுங்கள். தழும்பின் மேலும் மூக்கோரத்திலும் விரல்நுனியால் ஒற்றுங்கள். தேய்த்தால் அடியில் இருக்கும் சன்ஸ்கிரீனும் கூடவே பெயர்ந்து வரும். ஈரமாக்கி நன்றாகப் பிழிந்த ஸ்பான்ஞ்சால் ஓரங்களை மட்டும் தட்டிக் கரையுங்கள். நெற்றியை அப்படியே விடுங்கள். மறைக்க அங்கே ஒன்றுமில்லை.

4. மூக்கோரத்தில் மட்டும் பவுடரைத் துளி அழுத்தி வையுங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது கையில் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, அரை மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகத்து எண்ணெயோடு கலந்ததும் சில ஃபவுண்டேஷன்கள் கருத்துவிடும், அல்லது ஆரஞ்சு சாயல் காட்டும். பூசிய நிமிடத்தில் பொருந்தியது மதியத்தில் முகம் வேறு, கழுத்து வேறாகத் தெரிவது இதனால்தான்.

வியர்த்தால் டிஷ்யூவை ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். ஈரம் போகாமல் மேலே பவுடர் போட்டால் அது திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும்.