தாமதமான காப்புறுதிக் கோரிக்கைக்கு ஒரே கடிதத்தில் கிடைத்த பதில்

அம்மாவின் சத்திரசிகிச்சைச் செலவுக்கான கோரிக்கையைப் பற்றி வெள்ளவத்தையிலிருந்து காப்புறுதி நிறுவனத்திடம் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்றே சொன்னார்கள். ஆகவே, கோரிக்கை இலக்கத்தையும் காப்புறுதிப் பத்திர இலக்கத்தையும் தலைப்பிலேயே இட்டு, கோரிக்கைப் பிரிவு முகாமையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூலப் பற்றுச்சீட்டுகள், நோய் நிர்ணய அட்டை, மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றை ஒப்படைத்த திகதிகளைக் குறிப்பிட்டு, அவர்களது முத்திரை பதிந்த பிரதியையும் இணைத்தேன். அந்த முத்திரைதான் மறுக்க முடியாத சான்று. பின்வருமாறு முடித்தேன்:

"ஆவணம் ஏதேனும் குறைவாக இருப்பின் அதன் பெயரை எழுத்தில் அறியத் தாருங்கள், இல்லையெனில், தீர்மானம் வழங்கப்படும் திகதியை வரும் வெள்ளிக்கிழமைக்குள் குறிப்பிடுங்கள்."

நோய் நிர்ணய அட்டை கோரிக்கை இலக்கத்துடன் இணைக்கப்படாமல் பத்திரக் கோப்பிலேயே தங்கிவிட்டதால் மருத்துவப் பரிசீலனை தொடங்கவேயில்லை என்பது அவர்கள் அனுப்பிய பதிலில்தான் தெரிந்தது. தீர்மானத் திகதியும் அதிலேயே இருந்தது.