ஹெல்மெட்டுக்குள் போன்: கை சும்மா இருந்தால் போதுமா?

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் அடிக்கடி விடும் பிழை, போனைக் காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையில் செருகிவிட்டு, "இரண்டு கையும் ஹாண்டிலில்தானே இருக்கு" என்று நம்புவது. போனை நுழைக்க இடம் வேண்டுமென்று தாடைப் பட்டியைத் தளர்த்திவிடுவார்கள். விழும்போது அந்த ஹெல்மெட் தலையில் நிற்காது. ஒரு காதும் அடைபட்டுவிடுவதால், அந்தப் பக்கம் முந்திவரும் பஸ்ஸின் ஹோர்ன் சரியாகக் கேட்காது.

புளூடூத் போட்டால் பட்டியைத் தளர்த்தத் தேவையில்லை, ஆனால் பெரிய பிரச்சினை அப்படியே இருக்கும். கதைக்கும்போது கண் வீதியைப் பார்த்தாலும் மூளை அதில் பாதிவரை பதிவுசெய்யாமல் விடலாம். கனடாவின் ரொறன்ரோவில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், போன் கதைக்கும் நேரத்தில் விபத்து அபாயம் சுமார் 4 மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் கதைத்தவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதும் இதுவும் ஒன்றல்ல. முன்னால் மாடு குறுக்கிட்டால் பக்கத்தில் இருப்பவர் தானாகவே வாயை மூடுவார். போனில் இருப்பவருக்கு மாடு தெரியாது, பதிலை எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

கைதடிப் பக்கம் ஏ9 வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிறீர்கள் என்று வையுங்கள். அது செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். 35 மீற்றர் முன்னால், ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளை சைக்கிளில் வெளியே வருகிறது. கவனமாக ஓடுபவர் பிரேக் பிடிக்க ஒன்றரைச் செக்கன் எடுத்தால் 21 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் வீதியில் நிற்க இன்னும் 14 மீற்றர் வேண்டும். மயிரிழையில் நிற்பார். கதைத்துக்கொண்டு வருபவர் அரைச் செக்கன் பிந்தினால் பிரேக் பிடிக்க மிஞ்சுவது 7 மீற்றர்தான். பிள்ளையை இடிக்கும்போது வேகம் இன்னும் 35 கிலோமீற்றர் இருக்கும்! மழை ஈரத்தில் இதைவிட மோசம்.

பொலிஸ் இடத்திலேயே தண்டப்பத்திரம் எழுதினால், வழக்கமாகச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பத்திரமே 14 நாளுக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் தண்டப்பணத்தைக் கட்டவேண்டும். தவறினால் 28 நாள்வரை இரட்டிப்பு, அதன்பின் நீதிமன்றம். பலர் 14ஆம் நாளைத் தவறவிட்டுவிட்டு, அந்தத் துண்டோடே தொடர்ந்து ஓடுகிறார்கள். அது செல்லாது.

ஆள் இறந்தால் தண்டப்பத்திரத்தோடு முடியாது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் வழக்கு வரலாம். சிறை 5 வருடம்வரை போகும். "புளூடூத்தில்தான் கதைத்தனான்" என்பதால், கவனம் வீதியில் இருந்ததென்று ஆகிவிடாது.

ஓடத் தொடங்கமுன் போனில் 'ஓட்டும் முறை'யைப் போடுங்கள். பல போன்களில் அழைப்பவருக்குத் தானாகவே பதில் போகும்படி வைக்கலாம். வழிகாட்டும் வரைபடத்தையும் புறப்படமுன் அமைத்துவிடுங்கள். அவசர அழைப்பு வந்தால் ஏ9 கரையில் நிற்பாட்டாமல், அடுத்த ஒழுங்கைக்குள் திருப்பி, எஞ்சினை நிறுத்திவிட்டு எடுங்கள்.