x = −2 எப்போது விடை, எப்போது இல்லை: மடக்கைச் சமன்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

x² − 2x − 8 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். (x − 4)(x + 2) என்று காரணிப்படுத்தினால் 4, −2 என இரண்டு மூலங்கள் கிடைக்கும். இதில் யாருக்கும் தகராறு இருக்காது. ஆனால் ஒரு மடக்கைக் கணக்கின் நடுவழியில் இந்த இருபடி வந்து நின்றால், இரண்டு எண்களில் எது உண்மையான விடை என்பதை இருபடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்கில் கொடுத்த முதல் வரிக்குத்தான் போக வேண்டும்.

முதலில் இந்தக் கணக்கு:

log₂ x + log₂(x − 2) = 3

இடப்பக்கத்தை ஒரே மடக்கையாகச் சேர்த்தால் log₂[x(x − 2)] = 3. அடுக்கு வடிவில் எழுதினால் x(x − 2) = 2³ = 8. அதாவது நம் இருபடியேதான். x = 4 என்று முதல் வரியில் பிரதியிட்டால் log₂ 4 + log₂ 2 = 2 + 1 = 3. சரி. x = −2 என்று போட்டால் log₂(−2), log₂(−4) என்று வருகிறது. 2-இன் எந்த மெய்யெண் அடுக்கும் எதிர்ம எண் ஆகாது; அதனால் இந்த இரண்டுக்கும் மதிப்பே கிடையாது. −2 இடையில் வந்து ஒட்டிக்கொண்ட புறம்பான தீர்வு. விடை 4 மட்டும்.

இந்த −2 எங்கே உள்ளே நுழைந்தது? மடக்கைகளைச் சேர்த்த அந்தப் படியில்தான். முதல் வரி இரண்டு நிபந்தனைகள் கேட்கிறது: x > 0 ஆக வேண்டும், x − 2 > 0 ஆக வேண்டும். சேர்த்து எழுதிய வரியோ பெருக்கற்பலன் x(x − 2) நேர்மமாக இருந்தால் போதும் என்கிறது. இரண்டு எதிர்ம எண்களைப் பெருக்கினாலும் நேர்மம்தானே! கதவை நாமே கொஞ்சம் அகலத் திறந்துவிட்டோம், −2 வந்துவிட்டது.

இதனால்தான் பலரும் செய்யும் அடுத்த தவறு ஆபத்தானது. சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, வசதியாக இருக்கும் நடுவரியில் பிரதியிடுவார்கள். log₂[x(x − 2)]-இல் x = −2 போட்டுப் பாருங்கள்: (−2)(−4) = 8, log₂ 8 = 3. பொருந்துகிறது! இருபடியில் போட்டால் கேட்கவே வேண்டாம், அதிலிருந்து எடுத்த மூலம்தானே அது. தவறு நுழைந்த படிக்குப் பின்னால் எந்த வரியில் சோதித்தாலும் அது மாட்டாது. வினாத்தாளில் உள்ளபடியே, மடக்கைகளைச் சேர்க்காமல், தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதைப் பழகியவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். "மடக்கைக் கணக்கு, x எதிர்மமாக வந்தால் அடித்துவிடு" என்று ஒரு குறுக்குவழியை மனதில் பதித்துக்கொள்கிறார்கள். இதைப் பாருங்கள்:

log₂(−x) + log₂(2 − x) = 3

சேர்த்தால் (−x)(2 − x) = x² − 2x = 8. மறுபடியும் அதே இருபடி, அதே 4, −2. இப்போது x = 4 போட்டால் log₂(−4) வருகிறது; 4-தான் போக வேண்டும். x = −2 போட்டால் log₂ 2 + log₂ 4 = 1 + 2 = 3. கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. நேர்மமாக இருக்க வேண்டியது x அல்ல, மடக்கைக்குள் இருக்கும் கோவை. குறுக்குவழியை நம்பினால் சரியான விடையை அடித்துவிட்டுத் தவறானதை எழுதியிருப்போம்.

மூன்றாவதாக log₂(x² − 2x) = 3. இங்கே ஒரே மடக்கை, ஒரே நிபந்தனை. x = 4 என்றால் 16 − 8 = 8. x = −2 என்றால் 4 + 4 = 8. இரண்டுமே விடை. கால்குலேட்டரில் சரிபார்ப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடைப்புக்குறி இல்லாமல் −2² − 2 × −2 என்று தட்டினால், பெரும்பாலான அறிவியல் கால்குலேட்டர்கள் முதலில் 2-ஐ வர்க்கப்படுத்தி அப்புறம்தான் கழித்தல் குறியைப் போடும். −4 + 4 = 0 ஆகிவிடும். log 0-க்கு மதிப்பில்லை என்று திரையில் பிழை வந்ததும், நல்ல விடையைப் புறம்பானது என்று தள்ளிவிடுவோம். எதிர்ம எண்ணைப் பிரதியிடும்போது (−2)² என்று அடைப்புக்குறியோடுதான் தட்ட வேண்டும்.

மாறி அடிமானத்தில் இருக்கும்போது இன்னும் நுட்பமாக ஏமாற்றும். log_x(2x + 8) = 2 என்பது x² = 2x + 8 ஆகும், அதாவது மறுபடியும் நம் இருபடி. x = −2 போட்டால் உள்ளே 2x + 8 = 4, நேர்மம். (−2)² = 4 என்பதும் உண்மை. எல்லாம் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் மடக்கையின் அடிமானம் நேர்மமாகவும் 1 அல்லாமலும் இருக்க வேண்டும் என்பது வரையறை. −2 அடிமானமாக முடியாது. விடை 4 மட்டும்: log₄ 16 = 2.

அடுக்குச் சமன்பாட்டில் தவறு வேறு இடத்தில் நடக்கும். 4ˣ − 2·2ˣ − 8 = 0 என்பதில் 2ˣ = t என்று வைத்தால் t² − 2t − 8 = 0; t = 4 அல்லது −2. பாதிப்பேர் இங்கேயே பேனாவை வைத்துவிட்டு x = 4 என்று எழுதிவிடுவார்கள். முதல் வரியில் போட்டால் 256 − 32 − 8 = 216, பூச்சியம் இல்லை. t-யிலிருந்து x-க்குத் திரும்பிவர மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். 2ˣ = 4 என்றால் x = 2. இன்னொரு பக்கம் 2ˣ = −2 என்பதைப் பார்த்ததும் x = −1 என்று எழுதுபவர்களும் உண்டு. 2⁻¹ என்பது ½. அடுக்கில் இருக்கும் கழித்தல் குறி மதிப்பை எதிர்மமாக்காது, தலைகீழாக்கும். முதல் வரியில் x = −1 போட்டால் ¼ − 1 − 8 = −8.75. 2ˣ எப்போதும் நேர்மம் என்பதால் t = −2 அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் x எதிர்மமாக வரக்கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை: 2ˣ = ⅛ என்றால் x = −3 நல்ல விடைதான்.

தசம விடைகளில் பதற வேண்டாம். 3ˣ = 2 என்பதற்கு x = 0.63 என்று சுருக்கி எழுதிவிட்டுப் பிரதியிட்டால் சுமார் 1.998 வரும். இது சுருக்கியதால் வந்த இடைவெளி. 0.6309 என்று இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்துப் போட்டால் 2-க்கு மிக நெருங்கிவிடும். இலக்கம் கூட்டியும் நெருங்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிரதியிடுவதால் பிடிக்கவே முடியாத ஒரு தவறும் உண்டு: விடை தொலைந்துபோவது. மேலே பார்த்த log₂(x² − 2x) = 3 என்பதை ஒருவர் log₂ x + log₂(x − 2) = 3 என்று பிரித்துவிட்டால், கணக்கு நம் முதல் கணக்காக மாறிவிடும். அந்த வரியில் சோதித்து −2-ஐ நேர்மையாக நீக்குவார், 4-ஐ எழுதுவார். 4-ஐ எத்தனை முறை பிரதியிட்டாலும் சரியாகத்தான் வரும். காணாமல் போன −2 எந்தச் சோதனையிலும் எட்டிப் பார்க்காது. log₂(x²) = 6 என்பதை 2 log₂ x = 6 என்று எழுதி x = 8 மட்டும் எடுப்பதும் இதே ரகம், −8 போய்விடுகிறது. மடக்கையைச் சேர்க்கும்போது புறம்பானது வரலாம், பிரிக்கும்போது உண்மையானது போகலாம். x-இன் குறி தெரியாதபோது log₂(x²) = 2 log₂|x| என்று எழுதினால் |x| = 8 என்று வந்து இரண்டும் கிடைக்கும். இன்னும் எளிதாக, பிரிக்காமலே x² = 2⁶ = 64 என்று போய்விடலாம்.